டெக்னீஷியன் போய்விட்டார், அனுமதி போய்விட்டதா?

ஒரகடம் பக்கம் வாகன ஆலைகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் ஒரு சிறு பட்டறையை எடுத்துக்கொள்வோம். கணக்கு, பில், ஜி.எஸ்.டி., ஏ.எஸ்.என். எல்லாம் அங்கே ஒரே கணினியில்தான். ஏ.எஸ்.என். என்பது, இன்ன சரக்கு இத்தனை பெட்டி வருகிறது என்று லாரி கிளம்பும் முன்பே ஆலைக்கு இணையத்தில் சொல்லிவிடும் முன்னறிவிப்பு. அதைப் போட்டு, பார்கோடு லேபிள் அடித்து ஒட்டினால்தான் வண்டி ஆலைக்குள் போகும். சாயங்காலம் லேபிள் பிரிண்டர் அடிக்க மறுக்கிறது. டெக்னீஷியன் இருப்பது அம்பத்தூரில். "எனிடெஸ்க் போட்டு நம்பர் சொல்லுங்க சார், இங்கிருந்தே பார்க்கிறேன்" என்கிறார். டீ ஆறுவதற்குள் இந்த ஒரு சாயங்காலத்தை மட்டும் நிதானமாகப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

எனிடெஸ்க்கைத் திறந்ததும் ஒன்பது அல்லது பத்து இலக்க எண் ஒன்று தெரியும். அது நம் கணினியின் விலாசம், அவ்வளவுதான். அதை டெக்னீஷியன் தன் கணினியில் அடித்ததும் நம் திரையில் ஒரு பெட்டி எழும். நாம் Accept அழுத்தினால்தான் அவர் உள்ளே வர முடியும். அந்தப் பெட்டியிலேயே அவர் மவுஸைத் தொடலாமா, கோப்புகளை எடுக்கலாமா என்பதற்கெல்லாம் சின்னச் சின்ன பொத்தான்கள் இருக்கின்றன. பிரிண்டரைச் சரிசெய்ய நம் கோப்புகளை எடுத்துப்போக வேண்டிய அவசியமில்லை, அதை அணைத்துவிடலாம். வேலை நடக்கும்போது நாமும் பக்கத்திலேயே உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் இதுவரை பயப்பட ஒன்றுமே இல்லை.

சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. எனிடெஸ்க்கை இன்ஸ்டால் செய்யாமல், இறக்கிய கோப்பை அப்படியே திறந்தும் ஓட்டலாம். அப்படி ஓட்டும்போது, புது டிரைவர் போட விண்டோஸ் அனுமதி கேட்டால், நம் பக்கம் யாராவது உட்கார்ந்து Yes அழுத்த வேண்டியிருக்கும். டெக்னீஷியனுக்கு அது தொந்தரவு. "இன்ஸ்டால் பண்ணிடுங்க சார், ஒரு பாஸ்வேர்டும் வச்சுடலாம். நீங்க கிளம்புங்க, ராத்திரி நான் முடிச்சுடறேன்" என்பார். அவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. ஷிப்ட் முடிந்து பட்டறை காலியாகும் நேரம், அவருக்கும் வரிசையாகப் பத்து இடம் பாக்கி. நாமும் சரி என்றுவிடுகிறோம். திரையில் Unattended Access என்று வருவது இதுதான். நம் பக்கம் ஆள் யாரும் இல்லாவிட்டாலும் பாஸ்வேர்டு தெரிந்தவர் உள்ளே வரலாம்.

மறுநாள் காலை லேபிள் அழகாக அடிக்கிறது. எனிடெஸ்க் ஜன்னலை மூடிவிட்டு வேலையைப் பார்க்கிறோம். கிட்டத்தட்ட எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான். இணைப்பைத் துண்டித்ததும் அனுமதியும் முடிந்தது என்று நினைக்கிறோம். ஆலை கேட்டில் வருகையாளருக்கு பாஸ் கொடுப்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் வெளியே போவது ஒன்று, பாஸைத் திரும்ப வாங்கிக்கொள்வது இன்னொன்று. பாஸ் அவர் சட்டைப்பையிலேயே இருந்தால், நாளைக்கும் அதைக் காட்டிவிட்டு வரலாம். நாம் ஜன்னலை மூடினோம், ஆள் போனார். ஆனால் இன்ஸ்டால் ஆன எனிடெஸ்க் பின்னணியில் ஒரு சர்வீஸாக ஓடிக்கொண்டே இருக்கிறது. கணினியை அணைத்துப் போட்டாலும் அதுவும் கூடவே எழுந்துகொள்ளும். பாஸ்வேர்டும் நேற்று வைத்தபடியே இருக்கிறது.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் Log in automatically from now on என்று ஒரு கட்டம் வரும். டெக்னீஷியன் அதில் டிக் போட்டால், அடுத்த முறை அவர் பாஸ்வேர்டே அடிக்க வேண்டாம். அவருடைய கணினியில் ஒரு டோக்கன் தங்கிவிடும், அதுவே கதவைத் திறக்கும். அந்தக் கணினி நாளை வேறொருவர் கைக்குப் போகலாம், டெக்னீஷியன் வேலையை விட்டே போகலாம், டோக்கன் அங்கேயேதான் இருக்கும்.

ஆகவே திரும்பப் பெறுவதை வரிசையாகச் செய்வோம். முதலில் எனிடெஸ்க் செட்டிங்ஸில் Unattended Access பகுதிக்குப் போய் டிக்கை எடுத்துவிட வேண்டும். அங்கேயே டோக்கன்களை அழிக்கும் பொத்தானும் இருக்கும். அதன் பெயர் பதிப்புக்குப் பதிப்பு மாறும், ஆனால் tokens என்ற சொல் இருக்கும், அதையும் அழுத்திவிடுங்கள். பிறகு கீழே உள்ள கோப்பைத் திறந்து பாருங்கள். விண்டோஸ் விசையோடு R அழுத்தி, வரும் பெட்டியில் இதை அடித்தால் போதும்:

```
C:\ProgramData\AnyDesk\connection_trace.txt
```

உள்ளே வந்த ஒவ்வொரு இணைப்பும் அதில் ஒரு வரி. தேதியும் எண்ணும் இருக்கும், நடுவில் ஒரு சொல் இருக்கும். User என்றால் நம் பக்கம் ஒருவர் Accept அழுத்தியிருக்கிறார். Passwd என்றால் பாஸ்வேர்டு அடித்து வந்திருக்கிறார். Token என்றால் அந்தத் தானியங்கி நுழைவு. வேலை முடிந்த தேதிக்குப் பிறகு Passwd அல்லது Token என்று ஒரு வரி இருந்தால், அந்த எண் யாருடையது என்று டெக்னீஷியனைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். இந்தக் கோப்பை வேறொரு இடத்தில் நகலெடுத்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு எனிடெஸ்க்கை அன்இன்ஸ்டால் செய்துவிடலாம். கடைசியாக ஒரு சோதனை: கைப்பேசியில் எனிடெஸ்க் செயலியைப் போட்டு, பட்டறைக் கணினியின் பழைய எண்ணுக்கு முயன்று பாருங்கள். இணைப்பு கிடைக்கவில்லை என்றால் பாஸ் கைக்கு வந்துவிட்டது.

இதனால் திரும்ப வராதவையும் உண்டு. அந்த ராத்திரி அவர் பார்த்தது பார்த்ததுதான். பிரவுசரில் சேமித்து வைத்த ஆலை போர்ட்டலின் பாஸ்வேர்டு, நோட்பேடில் எழுதிவைத்த வங்கி பாஸ்வேர்டு எல்லாம் அந்தக் கணினியில்தான் இருந்தன. அவற்றை மாற்றிவிடுவதுதான் வழி.

எடுக்காமல் விட்ட அனுமதிக்கு ஓர் உதாரணமாக, அமெரிக்காவில், புளோரிடா மாநிலத்து ஓல்ட்ஸ்மார் என்ற சிற்றூரின் குடிநீர் நிலையத்தில் 2021 பிப்ரவரி 5 அன்று நடந்ததைச் சொல்கிறேன். தண்ணீரில் கலக்கும் சோடியம் ஹைட்ராக்சைடின் அளவு கணினித் திரையில் 100 பி.பி.எம்.மிலிருந்து 11,100-க்கு ஏறியது. பணியில் இருந்தவர் உடனே பார்த்து இறக்கியதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனிடெஸ்க் போன்ற டீம்வியூவர் வழியாக வெளியாள் நுழைந்ததாக அன்று சொன்னார்கள். உள்ளே இருந்தவரின் கைத்தவறாகவே இருந்திருக்கலாம் என்று பின்னால் ஐயம் எழுந்தது. ஆனால் ஒரு விஷயம் வெளிப்பட்டது: அந்த நிலையம் டீம்வியூவரைப் பயன்படுத்துவதை விட்டு ஆறு மாதம் ஆகியும், அதைக் கணினியிலிருந்து எடுக்கவில்லை. என் கணிப்பில், நம் பட்டறைகளின் நிலைமையும் இதுவேதான். யாரும் கெடுதல் செய்வதற்காக வைத்ததில்லை, எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

பிரிண்டர் மாதிரி சின்ன வேலைக்கு விண்டோஸிலேயே Quick Assist இருக்கிறது. டெக்னீஷியன் தன் பக்கத்திலிருந்து ஒரு குறியீட்டைத் தருவார், அது 10 நிமிடத்தில் காலாவதியாகிவிடும். நாம் அதை அடித்து அனுமதித்தால்தான் அவர் திரையைப் பார்ப்பார். ஆளில்லாத நேரத்தில் நுழையும் வசதி அதில் கிடையாது, அதனால் திரும்பப் பெறவும் எதுவும் மிஞ்சாது. நாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் விலை, அந்த அரை மணி நேரத்தை நான் தாராளமாகக் கொடுப்பேன்.

உங்கள் பட்டறைக் கணினியில் எனிடெஸ்க் இருந்தால், இன்று கடை சாத்தும் முன் அந்தக் கோப்பைத் திறந்து கடைசி வரியின் தேதியைப் பாருங்கள்.