கைகழுவுவதும் கையைக் கழுவுவதும்

‘கைகழுவுதல்’ என்னும் மரபுத்தொடரின் பொருள் என்ன என்று ஒரு தேர்வுத்தாள் கேட்கிறது. கீழே நான்கு விடைகள்: தூய்மையாக இருத்தல், பிறருக்கு உதவுதல், தொடர்பை விட்டு விலகுதல், உண்டு முடித்தல். மூன்றாவதே சரி. ஆனால் தொடரை அறியாதவர் பெரும்பாலும் முதல் விடையைத்தான் குறிப்பார். அது கவனக்குறைவு அல்ல. கை, கழுவுதல் என்ற இரண்டு சொல்லும் அவருக்குத் தெரியும். அவற்றைக் கூட்டினால் கிடைப்பது தூய்மைதான்.

அந்த விடை அங்கே தற்செயலாக வந்ததும் அல்ல. மரபுத்தொடருக்குக் கேள்வி அமைப்பவர், தவறான விடைகளில் ஒன்றையாவது நேர்ப்பொருளிலிருந்து எடுப்பது வழக்கம். ‘பிறருக்கு உதவுதல்’ போன்ற ஒட்டாத விடையை யாரும் எளிதில் தள்ளிவிடலாம். தொடரைக் கேட்டுப் பழகியவரையும், சொற்களை மட்டும் அறிந்தவரையும் பிரித்துக் காட்டுவது நேர்ப்பொருள் விடைதான்.

பழகியவர் சொல் சொல்லாகக் கூட்டிப் பார்ப்பதில்லை. டேவிட் ஸ்வின்னி, ஆன் கட்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1979இல் ஆங்கில மரபுத்தொடர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். திரையில் தோன்றும் சொற்கள் பொருளுள்ள தொடரா இல்லையா என்று சொல்ல வேண்டும். சாதாரணத் தொடர்களைவிட மரபுத்தொடர்களைப் படித்தவர்கள் விரைவாக இனங்கண்டார்கள். மரபுத்தொடர் ஒரு நீண்ட சொல்லைப் போல முழுசாகவே நினைவில் இருக்கிறது என்பது அவர்கள் கொண்ட விளக்கம்.

சில சமயம் பொருளைப் பற்றிய அறிவே ஆளைக் கவிழ்க்கும். கடுக்காய், திரிபலாவில் சேரும் மூன்று காய்களில் ஒன்று. வீட்டு வைத்தியத்தில் பழகிய சரக்கு. ‘கடுக்காய் கொடுத்தல்’ என்றதும் ‘மருந்து தருதல்’ என்ற விடை அதை அறிந்தவரைத்தான் முதலில் இழுக்கும். உண்மையில் அது ஏமாற்றி நழுவுவதைக் குறிக்கிறது. ‘அத்தி பூத்தாற்போல’ என்பதில் வலை இன்னும் நுட்பமானது. அங்கே ‘பூ மலர்தல்’ என்று அப்பட்டமாகக் கொடுக்காமல் ‘மிகுந்த மகிழ்ச்சி’ என்று கொடுப்பார்கள். பார்க்க உருவகப் பொருள் போலவே இருக்கும். ஆனால் பூ என்ற ஒரு சொல்லிலிருந்து கிளைத்ததுதான் அது. அத்தியின் பூக்கள் காய் போன்ற உறைக்குள்ளேயே பூத்து முடிவதால் வெளியே தெரிவதில்லை. அதனால்தான் அந்த உவமை அரிதாக நிகழ்வதற்கு வந்தது.

தொடர் ஒரு வாக்கியத்துக்குள் வந்தால், பொருள் தெரியாவிட்டாலும் இலக்கணம் துப்புக் கொடுக்கும். ‘சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவினான்’ என்பதில் கழுவப்பட்டது கை. ‘நண்பனைக் கைகழுவிவிட்டான்’ என்பதிலோ ‘ஐ’ உருபை நண்பன் ஏற்றிருக்கிறான். நண்பனின் கையை யாரும் கழுவவில்லை. ‘கைகழுவு’ என்பது ‘கைவிடு’ போல ஒரே வினையாகி, தனக்கென்று ஒரு செயப்படுபொருளைத் தேடிக்கொண்டுவிட்டது. ‘ஆற்றில் தலைமுழுகினார்’ என்றால் நீராட்டு. ‘மகனைத் தலைமுழுகிவிட்டார்’ என்றால் உறவு அறுந்தது. அடைமொழி சேர்த்துப் பார்ப்பதும் உதவும். ‘அழுக்குக் கையைக் கழுவினான்’ என்றதும் உருவகப் பொருள் ஓடிப்போய் வெறும் தண்ணீரும் சோப்பும் மிஞ்சுகின்றன. மரபுத்தொடரின் உள்ளே வேறு சொல் நுழைய எளிதில் இடம் கிடைப்பதில்லை.

இந்தச் சோதனை எல்லா இடத்திலும் செல்லாது. ‘மண்ணைக் கவ்வினான்’ என்பதில் ‘ஐ’ உருபு தொடருக்குள்ளேயே நிலையாக இருக்கிறது. குப்புற விழுந்தவனுக்கும் தோற்றவனுக்கும் வாக்கிய அமைப்பு ஒன்றே. ‘தேர்தலில்’ என்ற சொல் முன்னே வந்தால்தான் தோல்வி என்று உறுதியாகும்.

‘காது குத்துதல்’ அதைவிடச் சிக்கலானது. அதன் நேர்ப்பொருள் குடும்பங்களில் இன்றும் நடக்கும் சடங்கு. ‘காது குத்தினார்’ என்பதன் பொருள் என்ன என்று மட்டும் கேட்டு, விடைகளில் ‘காதணி அணியத் துளையிட்டார்’, ‘ஏமாற்றினார்’ இரண்டையும் வைத்தால் குறை கேள்வியில்தான். மரபுத்தொடர்ப் பகுதி என்ற தலைப்பாவது மேலே இருக்க வேண்டும், அல்லது வாக்கியம் முழுதும் தரப்பட வேண்டும். ‘பேத்திக்குக் காது குத்தினார்’, ‘அதிகாரிக்கே காது குத்தப் பார்த்தார்’ என்ற இரண்டிலும் உருபு ஒன்றுதான்: ‘கு’. அதிகாரியின் வயதும், அந்த ‘ஏ’காரமும், ‘பார்த்தார்’ என்ற முயற்சிச் சொல்லும்தான் அங்கே ஊசி இல்லை என்று சொல்கின்றன.