லாரியில் இருந்த ஒரு லட்சம் ரூபாய் லாபம்

ஆண்டறிக்கையின் பின்பக்கங்களில் ‘கன்சாலிடேட்டட்’ என்ற தலைப்போடு ஒரு பேலன்ஸ் ஷீட் வருமே, அது எந்தக் கம்பெனியின் லெட்ஜரிலும் கிடையாது! தாய்க் கம்பெனியின் டேலியில் தேடுங்கள், இருக்காது. துணைக் கம்பெனியின் டேலியிலும் இருக்காது. ஏப்ரல், மே மாதங்களில் அக்கவுண்ட்ஸ் அறையில் ஓர் எக்செல் ஷீட்டில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, நேரே அச்சுக்குப் போகிற கணக்கு அது. கம்பெனிகள் சட்டம் 2013-ன் 129(3) பிரிவு கேட்பதால் தயாராகிறது. எப்படித் தயாராகிறது என்பதுதான் விருந்து. வாருங்கள், அந்த ஷீட்டுக்குள்ளேயே நுழைந்துவிடலாம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கை நானே கட்டிக்கொள்கிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி, அதுதான் தாய். ராஜபாளையத்தில் அது 80 சதவீதப் பங்கு வைத்திருக்கும் ஒரு நூற்பாலை, அது துணை. மீதி 20 சதவீதம் வெளியாட்களிடம். ஆலை இந்த ஆண்டு தாய்க்கு 300 லட்சம் ரூபாய்க்கு நூல் விற்றது. அடக்க விலைக்கு மேல் 20 சதவீதம் லாபம் வைத்த விலை. கண்ணுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று ஜிஎஸ்டியையும் டிடிஎஸ்ஸையும் ஓரமாக வைக்கிறேன். நிஜத்தில் ஆயிரக்கணக்கில் வந்து தொல்லை தரும் சில்லறை வித்தியாசங்கள் பலவற்றுக்கு அந்த இரண்டுமே காரணம்.

ஷீட்டில் நான்கு பத்திகள்: தாய், துணை, எலிமினேஷன், மொத்தம். முதல் இரண்டையும் வரிக்கு வரி கூட்டுகிறார்கள். 80 சதவீதம்தானே வைத்திருக்கிறோம் என்று ஆலையின் இயந்திரத்தில் 80 சதவீதத்தை மட்டும் எடுப்பதில்லை. கட்டுப்பாடு தாயிடம் இருப்பதால் நூற்றுக்கு நூறும் உள்ளே வரும். வெளியாட்களின் பங்கு கடைசியில் தனி வரியாகப் பிரியும். ஆலையை வாங்கியபோது தாய் போட்ட முதலீடு, அன்றைக்கு ஆலைக்கு இருந்த நிகரச் சொத்தில் தாயின் பங்கோடு கழிந்து, கூடுதலாகக் கொடுத்த தொகை குட்வில் ஆகிறது. அது வாங்கிய ஆண்டிலேயே முடிந்த வேலை, ஒவ்வோர் ஆண்டும் அப்படியே திரும்பப் போடுவார்கள். நாம் பார்க்க வந்த ஆட்டம் மூன்றாவது பத்தியில்!

ஆலையின் புத்தகம் சொல்கிறது: தாய் எனக்கு 46 லட்சம் தர வேண்டும். தாயின் புத்தகம் சொல்கிறது: ஆலைக்கு நான் 35 லட்சம் தர வேண்டும். ஒரே வீட்டில் கணவனுக்கு மனைவி கொடுத்த கடனால் வீட்டின் சொத்து கூடாது, அதுபோல இரண்டையும் அடித்துவிட வேண்டும். ஆனால் 46-ஐயும் 35-ஐயும் எப்படி அடிப்பது? 11 லட்சம் தொங்குகிறதே! அவசரக்காரர் இதை ‘சஸ்பென்ஸ்’ என்று ஒரு வரியில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போவார். நல்ல அக்கவுண்டன்ட் இங்கேதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வார்.

இரண்டு லெட்ஜர்களையும் அருகருகே வைத்து டிக் போட்டுக்கொண்டே வந்தால் இரண்டே பதிவுகள் மிஞ்சுகின்றன. முதலாவது ஒரு செக். மார்ச் 31 அன்று தாய் எழுதிய 5 லட்சம், ஆலையின் கைக்கு வந்தது ஏப்ரலில். அதைக் குழுவின் கையில் வழியில் இருக்கும் பணமாகக் காட்டினால் ஆலையின் 46 லட்சம் 41 ஆகிறது. இரண்டாவது ஒரு லாரி! மார்ச் 31 மாலை ராஜபாளையத்தில் 6 லட்சம் ரூபாய் நூலை ஏற்றிக் கிளம்பியது. ஆலை அன்றே பில் போட்டுவிட்டது. திருப்பூர் குடோனில் இறங்கியது ஏப்ரல் 1 காலை. தாயின் புத்தகத்தில் அந்த நூலும் இல்லை, அதற்கான கடனும் இல்லை. ஷீட்டில் இரண்டையும் ஏற்றினால் 35 லட்சம் 41 ஆகிறது. 41-ம் 41-ம்! அடித்துவிடலாம். லாரியை ஏற்றியதும் தாயின் கொள்முதலும் 294-லிருந்து 300 ஆகிவிடுகிறது. ஆலையின் 300 லட்சம் விற்பனையையும் தாயின் 300 லட்சம் கொள்முதலையும் ஒருசேர நீக்கலாம். லாபம் ஒரு ரூபாயும் மாறாது. நீக்காமல் விட்டால் குழு வெளியே விற்காத 3 கோடி, விற்பனையில் ஏறி நிற்கும்.

இப்போதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். தாயின் குடோனில் ஆண்டு முடிவில் ஆலையின் நூல் 54 லட்சத்துக்கு இருக்கிறது. அந்த விலையில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 9 லட்சம், ஆலை வைத்த லாபம். நூல் இன்னும் பனியனாகி வெளியே போகவில்லை. ஆகவே குழுவின் கண்ணில் அது லாபமே இல்லை, இருப்பின் மதிப்பிலிருந்து வெட்ட வேண்டும். 9 லட்சத்தை வெட்டிவிட்டு நிறுத்துகிறவர்கள் உண்டு. அந்த லாரி? அதிலிருந்த 6 லட்சம் நூலுக்குள்ளும் 1 லட்சம் லாபம் உட்கார்ந்திருக்கிறது! குடோன் ஸ்டாக் பட்டியலை மட்டும் பார்ப்பவர் கண்ணில் அது படாது. வெட்ட வேண்டியது 10 லட்சம். ஆலை இந்த லாபத்துக்கு வரி கணக்கிட்டுவிட்டது, குழுவோ லாபம் இன்னும் வரவில்லை என்கிறது. அதனால் 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 2.5 லட்சம் ஒத்திவைத்த வரிச் சொத்தாகிறது. நிகர வெட்டு 7.5 லட்சம்.

இந்த வெட்டு யார் தலையில்? லாபம் பதிவானது ஆலையின் புத்தகத்தில். ஆலையில் வெளியாட்களுக்கும் 20 சதவீதம் உண்டு. ஆகவே அவர்களும் 1.5 லட்சம் சுமப்பதே இங்கு நடைமுறை. தாய் ஆலைக்கு விற்றிருந்தால் வெட்டு முழுவதும் தாயின் பக்கமே விழும், வெளியாட்களைத் தொடாது. எந்தத் திசையில் சரக்கு போனது என்று முதலில் கேட்காமல் இந்த வரியைத் தொடவே கூடாது.

வெளியாட்களின் பங்கைச் சரிபார்க்க இரண்டு வழிகள் இருக்கின்றன, இரண்டும் சந்திக்கும்போது எனக்கு அப்படியொரு குதூகலம்! முதல் வழி: ஆண்டு முடிவில் ஆலையின் நிகரச் சொத்து 350 லட்சம். அதில் 7.5 போனால் 342.5, அதில் 20 சதவீதம் 68.5 லட்சம். இரண்டாவது வழி: ஆண்டுத் தொடக்கத்தில் நிகரச் சொத்து 300 லட்சம், வெளியாட்களின் பங்கு 60. இந்த ஆண்டு ஆலையின் லாபம் 60 லட்சம், அவர்கள் பங்கு 12, வெட்டு 1.5 போக 10.5. ஆலை கொடுத்த 10 லட்சம் டிவிடெண்டில் அவர்களுக்குப் போனது 2. அறுபதோடு பத்தரையைக் கூட்டி இரண்டைக் கழியுங்கள். 68.5! டிவிடெண்டில் தாய்க்கு வந்த 8 லட்சம் குழுவுக்குள்ளேயே சுற்றிய பணம், அதுவும் நீங்கிவிடும். பேலன்ஸ் ஷீட்டின் இரு பக்கமும் பொருந்துவதை வைத்து மட்டும் கணக்கு சரி என்று நம்பாதீர்கள். லாரியின் ஒரு லட்சத்தை மறந்திருந்தாலும் இரு பக்கமும் பொருந்தியிருக்கும், இந்த இரண்டு வழிகளும்கூட ஒரே தவறான எண்ணில் சந்தித்திருக்கும். அதைக் காட்டிக்கொடுப்பது அந்த 11 லட்சத்தைத் துருவியது ஒன்றுதான்.

இண்ட்-ஏஎஸ் 110 படி இந்த 68.5 லட்சம் பங்குதாரர் நிதிக்குள்ளேயே, தாயின் உரிமையாளர்களின் தொகையிலிருந்து பிரித்துத் தனி வரியாக நிற்கும். லாப நட்டக் கணக்கின் அடியிலும் அந்த 10.5 லட்சம் தனியாக வரும்.

மூன்றாவது பத்தியில் போட்ட எதுவும் எந்த டேலிக்கும் போகாது என்பதால் அடுத்த ஏப்ரலில் ஷீட் மறுபடி வெறுமையாகத் திறக்கும். முதல் பதிவாக இந்த ஆண்டின் 7.5 லட்சத்தைத் தொடக்கக் கையிருப்பு நிதியிலிருந்து கழிக்க வேண்டும், தாய்க்கு 6, வெளியாட்களுக்கு 1.5. அதற்குள் அந்த நூல் பனியனாகிக் கப்பலேறியிருந்தால் அதே 7.5 லட்சம் அந்த ஆண்டின் லாபமாகத் திரும்பி வந்து சேரும்.