"நோட்டை முடிச்சுக் குடும்மா" என்று மேலிருந்து சொன்னால்



நம்ம குழுக்களில் நிறையப் பேர் இப்போது கணக்காளராகவும், சமுதாய வளப் பயிற்றுநராகவும் சிறு மதிப்பூதியத்துக்கு வேலை செய்கிறார்கள். இவர்கள் தனியாக வந்து கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "மேல இருக்கிறவங்க ஒண்ணு எழுதச் சொல்றாங்க. எழுதினா தப்பு, எழுதாட்டி வேலை போயிடுமோன்னு பயமா இருக்கு. என்னக்கா பண்றது?"

பல ஊர்களில் கேட்டதை ஒன்றாக்கி ஒரு உதாரணம் சொல்கிறேன். 12 பேர் உள்ள குழு. வாரம் ஆளுக்கு 50 ரூபாய் சேமிப்பு. நடவு, களையெடுப்பு என்று வேலை நெருக்கியதில் 9 வாரம் கூட்டமே நடக்கவில்லை. இரண்டு பேர் உள்கடனில் ஆளுக்கு 3 தவணை, தவணைக்கு 1,500 ரூபாய், கட்டாமல் நிற்கிறார்கள். இந்த நேரத்தில் வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மேல் பொறுப்பில் இருப்பவர் கணக்காளரைக் கூப்பிட்டு, "கூட்டம் நடந்த மாதிரி 9 வாரமும் எழுதிடு. அந்த ரெண்டு பேர் பாக்கியையும் வரவு வச்சிடு. வெள்ளிக்கிழமை பேங்க்ல கொடுக்கணும். எல்லாக் குழுவிலயும் இப்படித்தான் நடக்குது" என்கிறார்.

அவர் தன் பைக்குப் பணம் கேட்கவில்லை. மார்ச் 31-க்குள் இத்தனை குழுவுக்குக் கடன் என்று அவருக்கும் இலக்கு வைத்திருப்பார்கள். குழுவில் ஒருத்திக்கு மகளின் கல்லூரிக் கட்டணம், இன்னொருத்திக்கு மாடு வாங்கப் பணம் வேண்டும். கடன் தள்ளிப்போனால் அவர்கள் கந்துவட்டிக்குத்தான் போவார்கள். இதனால்தான் இது தர்மசங்கடம். லஞ்சம் என்றால் யோசிக்காமல் முடியாது என்று சொல்லிவிடலாம்.

முதலில் அவர் கேட்பது என்னவென்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டம் நடந்து, பணமும் வசூலாகி, நோட்டு மட்டும் எழுதாமல் கிடந்தால் அது வேலைப் பாக்கிதான். உறுப்பினர் பாஸ்புத்தகத்தையும் துண்டுச் சீட்டையும் வைத்து எழுதி, "இன்ன தேதியில் எழுதியது" என்று ஓரத்தில் குறித்துக் கையெழுத்துப் போடலாம். நடக்காத கூட்டத்தை நடந்ததாக எழுதுவது வேறு சங்கதி. சொல்லும்போது இரண்டையும் "நோட்டை முடி" என்றுதான் சொல்வார்கள். அதனால், "சார், நடந்ததை எழுதச் சொல்றீங்களா, நடக்காததை எழுதச் சொல்றீங்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். சில பேர் இந்தக் கேள்வியிலேயே பின்வாங்கிவிடுவார்கள்.

நடக்காததை எழுதினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 பேர், 50 ரூபாய், 9 வாரம்: 5,400 ரூபாய் சேமிப்பு வரவு. இரண்டு பேரின் தவணைப் பாக்கி 9,000 ரூபாய். ஆக 14,400 ரூபாய் ரொக்கப் புத்தகத்தில் வந்து உட்கார்ந்துவிடும். பெட்டியில் அந்தப் பணம் இல்லை. வங்கிப் பாஸ்புத்தகத்திலும் இல்லை. இப்போது அந்த ஓட்டையை மூட, யாரோ ஒரு உறுப்பினருக்கு உள்கடன் கொடுத்ததாக இன்னொரு பொய் எழுத வேண்டும். வாங்காத கடன் அவள் பெயரில் பேரேட்டில் ஏறும், அதற்கு வட்டியும் ஏறும். வருகைப் பதிவேட்டில் 9 வாரத்துக்கு 108 கையெழுத்து வேண்டும். அதில் ஒரு தேதியில் ஒருத்தி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்திருப்பாள், அவள் கையெழுத்தும் இருக்கும்!

தணிக்கைக்கு வருபவர் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்: ரொக்கப் புத்தகம், வங்கிப் பாஸ்புத்தகம், உறுப்பினர் கையில் உள்ள பாஸ்புத்தகம். பொய் எழுதினால் மூன்றும் ஒத்துவராது. ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதிய 9 வாரத்துப் பக்கத்தைப் பார்த்தாலே பழகின கண்ணுக்குத் தெரிந்துவிடும். அப்போது "14,400 எங்கே?" என்று கேட்பது உங்களிடம்தான். எழுத்து உங்களுடையது. எழுதச் சொன்னவர் வாயால்தான் சொன்னார், அவரும் அதற்குள் வேறு ஒன்றியத்துக்கு மாறிப் போயிருக்கலாம்.

வெறுமனே "முடியாது" என்று சொல்வதைவிட, வேறு வழியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது எடுபடும். அந்த வழி இதுதான். உடனே ஒரு சிறப்புக் கூட்டம் போடுங்கள். 9 வாரச் சேமிப்பு ஆளுக்கு 450 ரூபாய். முடிந்தவர்கள் முழுதாக, மற்றவர்கள் இரண்டு தடவையாகக் கட்டட்டும். அதை அன்றைய தேதியிலேயே "நிலுவைச் சேமிப்பு" என்று வரவு வையுங்கள். வசூலாகி முடிந்தால் வருவது அதே 5,400 ரூபாய்தான், ஆனால் பணம் பெட்டியில் இருக்கும். பாக்கி உள்ள இரண்டு பேரும் மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று பேசி, புதுத் தவணையைத் தீர்மானமாக எழுதி அவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

அப்புறம் மேலதிகாரியிடம், "சார், பணம் வராம வரவு வச்சா இருப்பு 14,400 இடிக்கும். ஆடிட்ல குழுவும் மாட்டும், நீங்களும் பதில் சொல்லணும். விடுபட்டதை விடுபட்டதுன்னு எழுதி, நிலுவையை வசூல் பண்ணித் தர்றோம். விண்ணப்பத்தை அடுத்த தடவை வைக்கலாமா?" என்று கேட்கலாம். பயத்தில் அழுதோ கோபத்தில் கத்தியோ பேசினால், பேச்சு கணக்கை விட்டு உங்கள் குணத்துக்குப் போய்விடும்.

இதில் நஷ்டமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வங்கி பஞ்சசூத்திரம் என்ற 5 விஷயங்களைப் பார்க்கும்: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன் சுழற்சி, சரியான திருப்பிச் செலுத்தல், முறையான கணக்கு. 9 வார இடைவெளி தெரிந்தால் கடன் தள்ளிப்போகலாம், குறையலாம். "உன்னாலதான் கடன் போச்சு" என்று சொந்தக் குழுவே பேசும். அதனால் விஷயத்தை உங்கள் தலையில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த 14,400 கணக்கைக் கூட்டத்தில் எல்லாருக்கும் போட்டுக் காட்டுங்கள். நோட்டு குழுவுக்குச் சொந்தம், கடன் வந்தால் 12 பேரும் சேர்ந்துதான் பொறுப்பு. என்ன எழுதுவது என்று முடிவு பண்ண வேண்டியது அவர்கள். கல்லூரிக் கட்டணம் மாதிரி அவசரத்துக்கு, கூட்டமைப்பின் சமுதாய முதலீட்டு நிதியில் கேட்க முடியுமா என்று பாருங்கள்.

அவர் மீண்டும் நெருக்கினால், "ஒரு வரி எழுதிக் கொடுங்க சார், இல்ல வாட்ஸ்அப்லயாவது போடுங்க" என்று கேட்கலாம். பெரும்பாலும் எழுதித் தரமாட்டார்கள். யார், எந்தத் தேதியில், என்ன சொன்னார் என்று உங்கள் சொந்த டைரியில் அன்றைக்கே எழுதி வையுங்கள். பிறகு கூட்டமைப்பின் செயற்குழுவுக்கு, இரண்டு பேராகப் போய்ச் சொல்லுங்கள். அங்கேயும் நியாயம் கிடைக்காவிட்டால், மாவட்டத்தில் மகளிர் திட்ட இயக்குநர் இருக்கிறார். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுவும் கொடுக்கலாம். எடுத்த எடுப்பிலேயே அங்கே போவது சரியல்ல என்பது என் எண்ணம். பாதிப் பேர் தங்கள் இலக்குப் பயத்தில் கேட்கிறவர்கள், உள்ளூரிலேயே பேசித் தீர்க்க முடியும்.

தீர்மான நோட்டில் எப்படி எழுதுவது என்று கேட்பவர்களுக்கு: "நடவு வேலை காரணமாக ... தேதி முதல் ... தேதி வரை 9 வாரம் கூட்டம் நடைபெறவில்லை. நிலுவைச் சேமிப்பில் இன்று ரூ. ... வசூலானது. மீதி ... தேதிக்குள் கட்டுவதென முடிவு செய்யப்பட்டது." கீழே வந்திருந்த உறுப்பினர்கள் அவரவர் கையாலேயே கையெழுத்தோ ரேகையோ வைக்க வேண்டும். எண் தப்பாகிவிட்டால் வெள்ளை மை பூசாமல், ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதிச் சுருக்கொப்பம் போட்டுவிடுங்கள்.