பில்லில் ஒரு தொகை, கோடுக்குள் ஒரு தொகை

கோவையில் மோட்டார் வியாபாரம் செய்யும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “இ-இன்வாய்ஸில் இருக்கும் க்யூஆர் கோடை செல்போனில் ஸ்கேன் செய்தால் eyJ என்று தொடங்கி என்னென்னவோ எழுத்துகள் கொட்டுகின்றன. பில் போலியா?”

அதை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. முறையான ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸின் கோடு அப்படித்தான் தொடங்கும். ஒரு வளைவு அடைப்புக்குறி, ஒரு மேற்கோள் குறி, அடுத்து ஆங்கிலச் சிற்றெழுத்து ஒன்று. இந்த மூன்றையும் பேஸ்64 முறையில் மாற்றி எழுதினால் eyJ என்றுதான் தொடங்கும். இதில் ரகசியம் ஏதுமில்லை, யார் வேண்டுமானாலும் திருப்பி மாற்றிப் படிக்கலாம். நீளமான அந்தச் சரத்தை இரண்டு புள்ளிகள் மூன்றாகப் பிரிக்கின்றன. நடுத்துண்டைத் திருப்பி மாற்றினால் விற்பவர், வாங்குபவர் ஜிஎஸ்டி எண்களோடு இப்படிச் சில வரிகளும் கிடைக்கும் (எண்கள் உதாரணத்துக்கு):

```
"DocNo":"M/1187"
"DocDt":"12/06/2025"
"TotInvVal":217754
"ItemCnt":3
"MainHsnCode":"850152"
```

க்யூஆர் கோடு 1994இல் ஜப்பானின் டென்ஸோ நிறுவனத்தில், கார் உதிரிபாகங்களை அடையாளம் காணப் பிறந்தது. நமக்கு வேண்டிய வரலாறு அவ்வளவுதான். கறுப்பு வெள்ளைக் கட்டங்களை எவரும் அச்சடிக்கலாம் என்பதால், கோடு இருக்கிறது என்பதே எதற்கும் சான்றாகாது. ‘க்யூஆர் வந்துவிட்டது, இனி போலி பில்லே கிடையாது’ என்று பில்லிங் மென்பொருள் விற்பவர்கள் பேசுவதைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் மூன்றாவது துண்டில் இருக்கிறது. விற்பவர் பில் விவரத்தை அரசு அங்கீகரித்த பதிவுத் தளத்துக்கு அனுப்புகிறார். தளம் முதல் இரண்டு துண்டுகளையும் எஸ்எச்ஏ-256 என்ற கணக்கில் போட்டு அரைத்து, வரும் விடையைத் தன்னிடம் மட்டுமே உள்ள சாவியால் பூட்டுகிறது. இதுவே டிஜிட்டல் கையொப்பம். அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி வெளிப்படையாகக் கிடைக்கிறது. சரிபார்ப்புச் செயலி அதைக் கொண்டு பூட்டைத் திறந்து, தானும் ஒருமுறை அரைத்துப் பார்த்து, இரண்டு விடையும் ஒன்றா என்று பார்க்கிறது. 217754இல் ஒரே ஓர் இலக்கத்தை மாற்றினாலும் விடை அடியோடு வேறாகிவிடும்.

கல்யாண வீட்டில் மொய் எழுதுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் நோட்டில் எழுதியதோடு, அதே தொகையைச் சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டு உங்கள் கவரிலும் ஒட்டுகிறார். கவரின் மேல் நீங்கள் பிறகு என்ன கிறுக்கினாலும் சீட்டு காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் இந்த ஆள் கவரைப் பிரித்து எண்ணுவதில்லை. நீங்கள் வாயால் சொன்ன தொகைதான் சீட்டில் ஏறும். சரக்கு உண்மையிலேயே லாரியில் ஏறியதா என்று பதிவுத் தளத்துக்கும் தெரியாது.

இனி மேலே உள்ள பில்லைப் பார்ப்போம். வரிக்கு முந்தைய மதிப்பு 1,84,537.50 ரூபாய். 9 சதவீதம் வீதம் மத்திய வரி 16,608.38, மாநில வரி 16,608.38. கூட்டினால் 2,17,754.26; 26 காசு ரவுண்டு ஆஃப் போக 2,17,754. கோடிலும் அதே தொகை. சில மென்பொருள்கள் ரவுண்டு ஆஃப் செய்வதற்கு முன்பே தொகையை அனுப்பிவிடும். அப்போது கோடில் 217754.26 என்று இருக்கும், அதற்காகச் சண்டை வேண்டாம். தாளில் 2,20,254 என்று இருந்தால்? வித்தியாசம் முழுசாக 2,500. பதிவு செய்த பிறகு லாரி வாடகையை மென்பொருளில் சேர்த்து மறுபடி அச்சடித்திருக்கலாம். திருத்திய பில்லைக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

இந்த இடத்தில் பலர் ஏமாறுவது ஐஆர்என் என்ற 64 எழுத்து எண்ணில். தாளில் இருப்பதும் கோடில் இருப்பதும் ஒன்றாக இருக்கிறதே என்று நிம்மதியடைவார்கள். அந்த எண் விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் ஆகிய நான்கை மட்டும் அரைத்து வருவது. தொகை அதில் கலக்கவே இல்லை. இரண்டு லட்சத்தை இருபது லட்சமாக்கி அச்சடித்தாலும் ஐஆர்என் அட்சரம் பிசகாமல் பொருந்தும். ஆகவே TotInvVal வரியைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். பில் எண்ணையும் தேதியையும் சேர்த்துப் பாருங்கள். வேறொரு பில்லின் அசல் கோடை வெட்டி ஒட்டியிருந்தாலும் செயலி ‘சரி’ என்றுதான் சொல்லும். வரித் தொகை தனியாகக் கோடில் இல்லை. மூன்று பொருளில் எதற்கு எத்தனை சதவீத வரி போட்டார்கள் என்பதைத் தாளில்தான் கூட்டிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. பதிவு செய்த 24 மணி நேரத்துக்குள் விற்பவர் அந்த ஐஆர்என்னை ரத்து செய்யலாம். ஏற்கெனவே அச்சடித்த கோடுக்கு அது தெரியாது; கையொப்பம் எத்தனை நாள் கழித்துப் பார்த்தாலும் சரியாகவே இருக்கும். ரத்தானதா என்று அறிய அந்த 64 எழுத்தை இ-இன்வாய்ஸ் தளத்தில் இட்டுத்தான் தேட வேண்டும்.