ஏ.டி.எம்.மில் பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது: என்ன செய்வது?

கார்டைச் செருகி, ரகசிய எண்ணை அழுத்தி, பத்தாயிரம் கேட்டீர்கள். இயந்திரத்துக்குள் நோட்டு எண்ணும் சத்தம் கேட்டது. பிறகு திரையில் ‘மன்னிக்கவும்’ என்று வந்தது. பணம் வெளியே வரவில்லை. கார்டை எடுத்துக்கொண்டு திரும்பும்போது கைப்பேசி அதிர்ந்தது: கணக்கிலிருந்து 10,000 ரூபாய் எடுக்கப்பட்டது.

அந்த நிமிடத்தில் பலரும் செய்வது, அதே இயந்திரத்தில் இன்னொரு முறை கார்டைப் போட்டுப் பார்ப்பது. அதைச் செய்யாதீர்கள். இயந்திரத்தில் கோளாறு இருந்தால் இன்னொரு பத்தாயிரமும் கழியும். ஒரு புகாருக்குப் பதில் இரண்டு புகார் சுமக்க நேரிடும். அதே சமயம் சட்டென்று வெளியேறிவிடவும் கூடாது. இரண்டு, மூன்று நிமிடம் அங்கேயே நில்லுங்கள். பணம் வெளிவரும் வாயில் அட்டையோ, தகடோ, ஒட்டு நாடாவோ செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நோட்டை உள்ளே சிக்க வைத்துவிட்டு, நீங்கள் போனபின் எடுத்துப் போகும் திருட்டு ஒன்று உண்டு. அப்படி ஏதாவது தெரிந்தால் நகராமல் அங்கிருந்தே வங்கிக்கும் போலீசுக்கும் போன் செய்யுங்கள்.

பெரும்பாலும் காரணம் திருட்டல்ல. இயந்திரம் வேலை செய்யும் வரிசைதான் காரணம். நீங்கள் தொகையை அழுத்தியதும் உங்கள் வங்கிக்குக் கேள்வி போகிறது. இருப்பு போதுமா என்று பார்த்து, வங்கி முதலில் கணக்கில் தொகையைக் கழிக்கிறது. அதன்பிறகே ‘கொடுக்கலாம்’ என்ற உத்தரவு வருகிறது. நோட்டு எண்ணப்படுவது அதற்கும் பின்னால். எண்ணும்போது இரண்டு நோட்டு ஒட்டிக்கொண்டாலோ, நோட்டு மடங்கிச் சிக்கினாலோ இயந்திரம் அந்தக் கட்டையே வெளியே தராமல், உள்ளே உள்ள ஒதுக்குப் பெட்டியில் தள்ளிவிடும். அப்போது ‘கொடுக்கவில்லை, திருப்பி வரவு வையுங்கள்’ என்று அது வங்கிக்குச் சொல்ல வேண்டும். சொன்னால், சில நிமிடங்களிலேயே பணம் கணக்குக்குத் திரும்பிவிடும். கழிந்த செய்தியைத் தொடர்ந்து வரவு செய்தியும் வருவது இப்படித்தான். மின்சாரம் போனதாலோ இணைப்பு அறுந்ததாலோ அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை என்றால், வங்கியின் புத்தகத்தில் நீங்கள் பணம் வாங்கியதாகவே இருக்கும். அந்தப் பிழையை மனிதர்கள் கணக்குப் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

அப்படிக் கணக்குப் பார்க்க இரண்டு சாட்சிகள் உண்டு. முதலாவது, இயந்திரத்துக்குள் தானாகப் பதிவாகும் குறிப்பேடு. கார்டு நுழைந்தது, உத்தரவு வந்தது, நோட்டு எண்ணப்பட்டது, நோட்டு வாயில் நீட்டப்பட்டது, வாடிக்கையாளர் எடுத்துக்கொண்டார் என்று ஒவ்வொரு அடியும் நேரத்தோடு அதில் இருக்கும். இரண்டாவது, பணமே. இயந்திரத்தில் பணம் நிரப்ப வருபவர்கள் பெட்டிகளில் மீதமுள்ள நோட்டுகளையும் ஒதுக்குப் பெட்டியில் கிடப்பதையும் எண்ணி, கணக்கோடு ஒப்பிடுகிறார்கள். உங்கள் பத்தாயிரம் வெளியே போகவில்லை என்றால் அங்கே பத்தாயிரம் கூடுதலாக இருந்தே தீரும். உங்கள் புகார் வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் இந்த இரண்டைப் பொறுத்தது. ஆகவே எந்த இயந்திரம், எந்த நேரம், எந்தப் பரிவர்த்தனை என்று நீங்கள் தெளிவாகச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

சீட்டு வந்தால் பத்திரமாக வையுங்கள். பரிவர்த்தனை எண், இயந்திரத்தின் அடையாள எண், நேரம் எல்லாம் அதில் இருக்கும். சீட்டு வரவில்லையா? திரையையும், இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் அடையாள எண்ணையும், வங்கிப் பெயரையும் கைப்பேசியில் படம் பிடியுங்கள். பணம் கழிந்த எஸ்.எம்.எஸ்.ஸை அழிக்காதீர்கள்.

புகாரை எங்கே கொடுப்பது என்பதில்தான் நிறையப் பேர் அலைகிறார்கள். கார்டு ஒரு வங்கியுடையது, இயந்திரம் இன்னொரு வங்கியுடையது என்றால், இயந்திரத்துக்குச் சொந்தமான வங்கிக் கிளையில் போய் நிற்பார்கள். அங்கே “உங்க பேங்க்ல போய்க் கேளுங்க சார்” என்று திருப்பி அனுப்புவார்கள். அந்தப் பதில் சரியானதே. கார்டு கொடுத்த வங்கியிடம்தான் புகார் செய்ய வேண்டும். வங்கியல்லாத நிறுவனம் நடத்தும் ஏ.டி.எம்.முக்கும் இதே விதிதான். உங்கள் வங்கி என்.பி.சி.ஐ. நடத்தும் நேஷனல் ஃபைனான்ஷியல் ஸ்விட்ச் வலையமைப்பின் வழியாக இயந்திரத்தின் வங்கியிடம் தொகையைக் கோரும். அந்த வங்கி பணத்தைத் திருப்பித் தர வேண்டும், அல்லது குறிப்பேட்டைக் காட்டி ‘கொடுத்துவிட்டோம்’ என்று மறுக்க வேண்டும். இந்தப் போக்குவரத்தெல்லாம் அவர்களுக்குள். நீங்கள் பேச வேண்டியது உங்கள் வங்கியோடு மட்டும்.

கார்டின் பின்புறம் உள்ள எண்ணுக்குப் பேசலாம், வங்கியின் செயலியிலோ இணையதளத்திலோ பதியலாம், கிளையில் எழுதிக் கொடுக்கலாம். எந்த வழியானாலும் புகார் எண்ணை வாங்காமல் விடாதீர்கள். கிளையில் “அஞ்சு நாள் பாருங்கம்மா, தானா வந்துடும்” என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினால், “சரிங்க, அதுவரைக்கும் கம்ப்ளைன்ட்டைப் பதிஞ்சு நம்பர் குடுங்க” என்று கேளுங்கள். வாய்ச்சொல்லுக்குத் தேதி கிடையாது.

இணையத்தில் ‘கஸ்டமர் கேர்’ என்று தேடிக் கிடைக்கும் எண்ணுக்கு மட்டும் பேசவே பேசாதீர்கள். போலி எண்களைப் பரப்பிவைத்து, பதற்றத்தில் தேடுபவர்களுக்காகவே காத்திருப்பவர்கள் உண்டு. பணத்தைத் திருப்பித் தர ரகசிய எண்ணோ ஓ.டி.பி.யோ வேண்டும் என்று கேட்பவர் வங்கிக்காரர் அல்ல.

இனி நாள் கணக்கு. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அது அந்த ஆண்டு அக்டோபர் 15 முதல் நடைமுறையில் உள்ளது. ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தால், பரிவர்த்தனை நடந்த நாளுக்குப் பிந்தைய 5 நாட்களுக்குள் வங்கி தானாகவே பணத்தைத் திருப்பி வைக்க வேண்டும். தாமதமானால், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. இதையும் வாடிக்கையாளரின் புகாருக்குக் காத்திராமல் வங்கியே வரவு வைக்க வேண்டும் என்பது சுற்றறிக்கையின் வாசகம். 2011 ஜூலை முதல் இருந்த முந்தைய விதியில் 7 வேலை நாட்கள் அவகாசம் இருந்தது. 30 நாட்களுக்குள் புகார் கொடுத்தவருக்கே இழப்பீடு. புதிய விதி வாடிக்கையாளருக்குக் கூடுதல் சாதகமானது. நாட்களும் நாட்காட்டி நாட்கள்தான், வேலை நாட்கள் அல்ல. இந்தியாவுக்குள் நடக்கும் பரிவர்த்தனைகளுக்கு மட்டும் இது பொருந்தும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மதுரையில் ஒருவர் மார்ச் 3-ஆம் தேதி மாலை, வேறொரு வங்கியின் ஏ.டி.எம்.மில் 10,000 ரூபாய் எடுக்க முயன்றார் என்று வைத்துக்கொள்வோம். பணம் வரவில்லை, கணக்கில் கழிந்தது. அன்றிரவே செயலியில் புகார் பதிந்தார். வங்கிக்கு மார்ச் 8 வரை நேரம். பணம் திரும்பியது மார்ச் 17 அன்று. 9-ஆம் தேதி முதல் 17-ஆம் தேதி வரை 9 நாள் தாமதம். ஆகவே 900 ரூபாய் இழப்பீடு. அவர் கணக்கில் மொத்தம் 10,900 ரூபாய் வந்திருக்க வேண்டும். பத்தாயிரம் மட்டும் வந்திருந்தால் விஷயம் முடியவில்லை. புகார் எண்ணைக் குறிப்பிட்டு, ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கைப்படி 9 நாளுக்கான இழப்பீடு வரவில்லை என்று எழுத வேண்டும். பணம் கிடைத்ததே போதும் என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். என் பார்வையில் அது தவறு. தாமதத்துக்கு விலை வைத்திருப்பதே வங்கிகள் வேகமாகக் கணக்கு பார்க்கட்டும் என்பதற்காகத்தான். யாரும் கேட்காத விலை யாரையும் அவசரப்படுத்தாது.

பத்தாயிரம் கேட்டு எட்டாயிரம்தான் வந்தது என்றாலும் புகாருக்கு வழி இதுவே. வராத இரண்டாயிரத்தைக் குறிப்பிட்டு எழுதினால் போதும்.

சிக்கலான இடம் ஒன்று உண்டு. சில நாள் கழித்து வங்கியிடமிருந்து ‘பரிவர்த்தனை வெற்றிகரமானது, புகார் முடிக்கப்பட்டது’ என்று பதில் வரும். அதாவது நோட்டு வெளியே நீட்டப்பட்டு எடுக்கப்பட்டதாக இயந்திரத்தின் குறிப்பேடு சொல்கிறது. இங்கேதான் பலர் மனம் தளர்ந்து ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மையில் பணம் வரவில்லை என்றால் விடாதீர்கள். புகாரை மறுபடி திறக்கச் சொல்லி, மூன்றை எழுத்தில் கேளுங்கள்: அந்தப் பரிவர்த்தனையின் குறிப்பேட்டுப் பிரதி, அன்றைய இயந்திரத்தில் கூடுதல் பணம் இருந்ததா என்ற விவரம், அந்த நேரத்தின் சி.சி.டி.வி. பதிவு. பழைய பதிவுகள் ஒரு காலத்துக்குப் பின் அழிந்துவிடும் என்பதால் கேமரா பதிவை முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. வாயில் தகடு வைத்து நோட்டைச் சிக்கவைத்தவன் இருந்திருந்தால், குறிப்பேட்டில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். உண்மையைச் சொல்வது கேமரா மட்டும். அப்படிப்பட்ட சந்தேகம் இருந்தால் போலீஸ் புகாரும் சேர்த்துக் கொடுங்கள்.

வங்கி புகாரைத் தள்ளுபடி செய்தாலோ, தந்த பதில் திருப்தியில்லை என்றாலோ, 30 நாளாகியும் பதிலே இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம். 2021 நவம்பரில் வந்த ஒருங்கிணைந்த திட்டத்தில், எந்த ஊர்க்காரரும் திட்டத்துக்கு உட்பட்ட எந்த வங்கியைப் பற்றியும் ஒரே இடத்தில் புகார் செய்யலாம். cms.rbi.org.in என்ற தளத்தில் பதியலாம். உதவிக்கு 14448 என்ற எண் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டியதில்லை. ஆனால் வங்கியிடம் முதலில் புகார் கொடுத்ததற்கான சான்று கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் நேரே போனால் மனு ஏற்கப்படாது. முதல் நாளே புகார் எண்ணை வாங்கச் சொன்னது இதற்காகத்தான். மனுவில் நடந்ததைத் தேதி வரிசையில் எழுதுங்கள், சீட்டு, எஸ்.எம்.எஸ்., வங்கியின் பதில் ஆகியவற்றை இணையுங்கள், கேட்கும் தொகையில் அசலையும் 100 ரூபாய்க் கணக்கையும் தனித்தனியாகக் காட்டுங்கள். வங்கியின் பதில் வந்தபிறகு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். மனு செய்யவும் காலக்கெடு உண்டு.

கணக்கில் சில ஆயிரம் மட்டுமே வைத்திருக்கும் ஒருவருக்கு அந்தப் பத்தாயிரம் வாடகைப் பணமாகவோ, பள்ளிக் கட்டணமாகவோ இருக்கும். உங்கள் வீட்டில் அல்லது பக்கத்தில் யாருக்காவது இப்படி ஆகியிருந்தால், உடனே புகார் எண் வாங்கச் சொல்லுங்கள், ஆறாம் நாள் பாஸ்புக்கைப் பதியச் சொல்லுங்கள், தாமதத்துக்கு உரிய இழப்பீடு வந்ததா என்று கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.