முதல் குறும்படம்: எந்த விழாவுக்கு எப்போது அனுப்புவது?

குறும்படத்தை முடித்த கையோடு பலரும் ஃபிலிம்ஃப்ரீவே தளத்தில் கணக்கு தொடங்கி, கண்ணில் படுகிற விழாக்களுக்கெல்லாம் விண்ணப்பிக்கிறார்கள். சில மாதங்களில் கையிருப்பு கரைந்துவிடும். யாரும் கேள்விப்படாத இரண்டு மூன்று விழாக்களின் சான்றிதழ்கள் வந்து சேரும். அதற்குள் சில பெரிய விழாக்களில் விண்ணப்பிக்கும் தகுதியே போயிருக்கும். பணத்தைத் திரும்பச் சம்பாதித்துக்கொள்ளலாம். போன தகுதி திரும்பாது. அந்தத் தகுதிக்குப் பெயர் பிரீமியர்.

பிரீமியர் எப்போது செலவாகிறது?

ஒரு படம் பொதுமக்கள் முன் முதன்முதலாகத் திரையிடப்படுவது வேர்ல்டு பிரீமியர். தயாரான நாட்டுக்கு வெளியே முதன்முதலாகத் திரையிடப்படுவது இன்டர்நேஷனல் பிரீமியர். உங்கள் படத்தைச் சென்னையில் நடக்கும் ஒரு விழாவில் காட்டினால் முதலாவது முடிந்தது. இரண்டாவது இன்னும் உங்கள் கையில் இருக்கிறது.

விழாவுக்கு விழா எதிர்பார்ப்பு வேறு. வெனிஸ் விழாவின் ஒரிசோன்டி குறும்படப் போட்டிக்கு வேர்ல்டு பிரீமியர் வேண்டும். பெர்லினாலே குறும்படப் பிரிவு, சொந்த நாட்டில் மட்டும் காட்டப்பட்ட படத்தையும் ஏற்கும். அமெரிக்காவின் சண்டான்ஸும், குறும்படங்களுக்கென்றே நடக்கும் பிரான்ஸின் கிளெர்மோன்-ஃபெரான் விழாவும் குறும்படங்களிடம் பிரீமியர் கேட்பதில்லை.

விண்ணப்பிப்பதால் பிரீமியர் போகாது, திரையிட்டால்தான் போகும். நடிகர்களுக்கும் குழுவினருக்கும் மட்டும் பிரிவியூ தியேட்டரில் போட்டுக் காட்டுவதைப் பொதுவாக யாரும் கணக்கில் எடுப்பதில்லை. டிக்கெட் விற்ற காட்சியும், இணையம் வழியாக நடக்கும் விழாவும் கணக்கில் வரும். யூடியூபில் பொதுப்பார்வைக்கு ஏற்றிய படத்தைப் பல பெரிய விழாக்கள் ஏற்பதில்லை. ஆஸ்கர் விதியிலும், தகுதி பெறும் முன்பே இணையத்தில் வெளியான குறும்படத்துக்கு இடமில்லை. எனவே யாருக்காவது காட்ட வேண்டுமானால் கடவுச்சொல் போட்ட தனி இணைப்பையே அனுப்புங்கள்.

ஜூலையில் முடிந்த ஒரு படம்

பதினான்கு நிமிடத் தமிழ்ப் படம் ஒன்று ஜூலை இறுதியில் முடிகிறது, விழாக்களுக்கென்று 30,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு கேள்வி: வேர்ல்டு பிரீமியரை எதற்காகக் காப்பது? வெனிஸ் நடப்பது ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி செப்டம்பர் வரை. அந்த ஆண்டுக்கான விண்ணப்பம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. அடுத்த ஆண்டுக்குக் காத்திருந்தால், ஓராண்டுக்கு மேல் படத்தை எங்கும் காட்டாமல் பூட்டி வைக்க வேண்டும். பல விழாக்கள் சமீபத்தில் முடிந்த படங்களை மட்டுமே ஏற்பதால், முதல் படத்துக்கு அவ்வளவு நீண்ட காத்திருப்பு கட்டுப்படியாகாது. ஆகவே வெனிஸை விட்டுவிடலாம். இந்தியாவில் ஒரு காட்சி நடந்தாலும் பாதகமில்லை. இன்டர்நேஷனல் பிரீமியரை மட்டும் காப்பாற்றினால் போதும்.

அடுத்த குளிர்காலத்தில் மூன்று வாய்ப்புகள் உண்டு: ஜனவரியில் சண்டான்ஸ், ஜனவரி இறுதியில் தொடங்கும் கிளெர்மோன்-ஃபெரான், பிப்ரவரி நடுவில் பெர்லின். விண்ணப்பங்களும் ஏறக்குறைய அதே வரிசையில் முடிகின்றன: கோடையின் இறுதி, இலையுதிர் காலம், நவம்பர். இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. முதல் இரண்டும் பிரீமியர் கேட்காதவைதான். ஆனால் அவற்றில் ஒன்றில் காட்டிவிட்டால் இன்டர்நேஷனல் பிரீமியர் அங்கேயே செலவாகிவிடும். சில நாட்கள் கழித்து நடக்கும் பெர்லினுக்குப் படம் தகுதி இழந்துவிடும். மூன்றுக்கும் விண்ணப்பிக்கலாம். முதலில் அழைப்பு வந்தால் எதை ஏற்பது என்பதை மட்டும் முன்பே முடிவு செய்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

அதைவிட அடிக்கடி நேர்வது வேறு. அக்டோபரில் வெளிநாட்டுச் சிறிய விழா ஒன்று ‘தேர்வாகிவிட்டது’ என்று எழுதும். பெரிய விழாவின் பதிலோ இரண்டு மாதம் கழித்துத்தான் வரும். இந்த இக்கட்டைத் தவிர்க்க, ஒவ்வொரு விழாவுக்கும் கடைசித் தேதியோடு முடிவு அறிவிக்கும் தேதியையும் காட்சித் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய விழாவின் முடிவுக்கு முன்பே காட்சி வைக்கும் வெளிநாட்டு விழாக்களை அந்தச் சுற்றில் தொடாதீர்கள்.

இந்தக் காத்திருப்புக்குக் காலாவதித் தேதியும் வேண்டும். நம் படத்துக்கு அது ஜனவரி இறுதி. அதற்குள் மூன்றும் கைவிரித்துவிட்டால் பிரீமியரை மறந்துவிட்டு எல்லாத் திசையிலும் அனுப்பலாம்: கேரள சலச்சித்திர அகாதமி திருவனந்தபுரத்தில் நடத்தும் ஆவணப்பட, குறும்பட விழா, பெங்களூரு சர்வதேசக் குறும்பட விழா, ஆஸ்லோவில் நடக்கும் நார்வே தமிழ்த் திரைப்பட விழா, யாழ்ப்பாணச் சர்வதேச சினிமா விழா.

பிரிவும் நீளமும்

எந்தப் பிரிவில் சேர்வது என்பதைப் படத்தின் நீளமே பாதி முடிவு செய்துவிடுகிறது. கேன்ஸ் குறும்படப் போட்டிக்கு டைட்டில் கார்டுகளையும் சேர்த்து 15 நிமிடம், வெனிஸுக்கு 20, பெர்லினுக்கு 30, ஆஸ்கருக்கு 40. படத்தொகுப்பு மேசையில் இருக்கும்போதே இந்த எண்கள் தெரிந்திருந்தால், 15 நிமிடம் 20 வினாடி ஓடும் படத்தில் அந்த 20 வினாடியைக் குறைக்கலாமா என்று யோசிக்க முடியும்.

நீங்கள் யார் என்பதும் பிரிவைத் தீர்மானிக்கும். கேன்ஸின் லா சினெஃப் பிரிவு திரைப்படப் பள்ளி மாணவர்களுக்கானது. புனே திரைப்படக் கல்லூரியில் சிதானந்தா நாயக் எடுத்த 16 நிமிடக் கன்னடக் குறும்படம் 2024இல் அங்கே முதல் பரிசு பெற்றது. 15 நிமிட வரம்பு உள்ள முக்கியப் போட்டியில் அந்தப் படத்துக்கு இடமே இருந்திருக்காது. நீங்கள் மாணவராக இருந்தால் மாணவர் பிரிவைத் தேடுங்கள். ஒரே விழாவில் ‘சிறந்த நாடகம்’, ‘சிறந்த அறிமுக இயக்குநர்’ என்று மூன்று பிரிவுகளைச் சொடுக்கினால், பெரும்பாலும் மூன்று கட்டணம் போகும். பொருத்தமான ஒன்று போதும்.

பணக் கணக்கு

ஒரே விழாவின் கட்டணம் ‘ஏர்லி பேர்ட்’, ‘ரெகுலர்’, ‘லேட்’ என்று படிப்படியாக ஏறும். முதல் கட்டத்தில் 30 டாலராக இருப்பது கடைசியில் 60 ஆகலாம். ஒரு டாலரை 85 ரூபாயாக வைத்தால் 2,550க்கும் 5,100க்குமான வித்தியாசம் அது. ஆனால் குறைந்த கட்டணத்துக்கு ஆசைப்பட்டு ஒலிக்கலவை முடியாத படத்தை அனுப்ப வேண்டாம். பார்ப்பவருக்கு அதுதான் படம்.

நம் 30,000 ரூபாயில் 10,000ஐ முதலிலேயே எடுத்து வைத்துவிடலாம். படம் தேர்வானால் தியேட்டருக்கான டிசிபி கோப்பு எடுக்க வேண்டும்; ஆங்கில சப்டைட்டிலைத் திருத்தவும் செலவாகும். மீதி 20,000இல் பாதி அந்த மூன்று பெரிய விழாக்களுக்கு, பாதி இரண்டாம் சுற்றுக்கு. கட்டணம் கட்டுப்படியாகாவிட்டால் கடைசித் தேதிக்கு வெகு முன்பே விழாவுக்கு மின்னஞ்சல் எழுதி விலக்குக் கேளுங்கள். சில விழாக்கள் தருகின்றன. கட்டணமே வாங்காத விழாக்களும் உண்டு.

கட்டணத்துக்காகவே நடக்கும் விழாக்களை அடையாளம் காண்பது எளிது. மாதாமாதம் ‘வெற்றியாளர்’ அறிவிப்பு, நூற்றுக்கணக்கில் விருதுகள், கோப்பை வேண்டுமென்றால் தனிப் பணம். சென்ற ஆண்டு எந்த அரங்கில், எந்தத் தேதியில், எந்தப் படங்கள் திரையிடப்பட்டன என்று தேடிப் பாருங்கள். அந்தப் பட்டியல் கிடைக்கவில்லை என்றால் அனுப்பாதீர்கள்.

கடைசியாக, யூடியூப் வெளியீட்டுக்கும் ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள். படம் முடிந்து ஒன்றரை இரண்டு ஆண்டுகளில் பெரும்பாலான விழாக்களுக்கு அது பழைய படமாகிவிடும். அதற்கு மேலும் பூட்டி வைப்பதில் லாபமில்லை.