கூட வேலை பார்த்தவருக்காக ஒரு பத்தி

"எனக்கு லிங்க்ட்இன்னில் ஒரு ரெகமண்டேஷன் எழுதித் தர முடியுமா?" ஐ.டி. துறையில் கொஞ்ச காலம் இருந்த யாருக்கும், ஒரு பழைய சகாவிடமிருந்து இந்தச் செய்தி வந்திருக்கும். ஆட்குறைப்பு நடக்கும் மாதங்களில் இன்னும் அதிகமாக வரும். நாமும் அன்போடு, அவசரமாக எழுதிவிடுகிறோம்: "கடின உழைப்பாளி. எல்லோரிடமும் இனிமையாகப் பழகுவார். எந்த நிறுவனத்துக்கும் இவர் ஒரு சொத்து." கேட்டவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவரை வேலைக்கு எடுக்கலாமா என்று யோசிக்கிற அந்நியருக்கு இந்த மூன்று வாக்கியங்களிலிருந்தும் எதுவுமே கிடைக்காது.

அந்த அந்நியர் எப்படிப் படிக்கிறார் என்று பார்ப்போம். ரெகமண்டேஷன் பகுதிக்கு அவர் வருவதற்குள் ரெஸ்யூமைப் பார்த்து முடித்திருப்பார். எந்த நிறுவனம், எத்தனை வருடம், என்ன பதவி என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதது ஒன்றுதான்: இந்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தால் எப்படி இருக்கும்? அதைச் சொல்லக்கூடியவர், அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீங்கள்தான். அதனால் பாராட்டுச் சொற்களைத் தேடுவதற்கு முன்னால், கண்ணால் பார்த்த ஒரு சம்பவத்தைத் தேட வேண்டும்.

ஓர் உதாரணத்தை முழுதாகச் செய்து பார்க்கலாம். பணப் பரிமாற்றச் செயலி ஒன்றை உருவாக்கும் குழு. நீங்கள் டெவலப்பர், அவர் டெஸ்டர். முதலில் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: அவர் அந்தக் குழுவில் இல்லாமல் இருந்திருந்தால் எது தப்பாகப் போயிருக்கும்? யோசித்தால் ஒரு ரிலீஸுக்கு முந்தைய வாரம் நினைவுக்கு வரும். பணம் அனுப்பும்போது சிக்னல் அறுந்தால், வாடிக்கையாளர் மறுபடியும் பட்டனை அழுத்துவார். முதல் கோரிக்கை சர்வருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்; பதில்தான் திரும்பி வந்திருக்காது. இரண்டாவது முறைக்குச் செயலி புதிதாக ஒரு பரிவர்த்தனை எண் போட்டதால், கணக்கிலிருந்து இரண்டு தடவை பணம் போனது. டெஸ்ட் கேஸ் பட்டியலில் இல்லாத இந்தச் சோதனையை அவராகவே யோசித்துச் செய்து பார்த்திருந்தார்.

இனி எழுதுவது சுலபம். இந்த ரெகமண்டேஷன்களை நம்மில் பெரும்பாலானோர் ஆங்கிலத்தில்தான் எழுதுவோம்; விஷயத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"பேமென்ட் குழுவில் நான் டெவலப்பர், இவர் டெஸ்டர். ரிலீஸுக்கு முந்தைய வாரம், வாடிக்கையாளருக்கு இரண்டு முறை பணம் கழியக்கூடிய ஒரு பிழையை இவர் கண்டுபிடித்தார். பேருந்தில் போகிறவருக்கு நடுவில் சிக்னல் போனால் என்ன ஆகும் என்று யோசித்து, யாரும் கேட்காமலே அதைச் சோதித்துப் பார்த்திருந்தார். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்வதற்கு முன் என் இடத்துக்கு வந்து, பிழை எப்படி வருகிறது என்று படிப்படியாகக் காட்டினார். அதனால் காரணத்தைத் தேடி நான் அலைய வேண்டியிருக்கவில்லை. அதன்பின் நெட்வொர்க் துண்டிப்புச் சோதனைகள் எங்கள் நிரந்தரப் பட்டியலில் சேர்ந்தன. பணம் கையாளும் மென்பொருளில் மறுபடி வேலை செய்தால், இவர் என் குழுவில் வேண்டும் என்று கேட்பேன்."

இதில் 'திறமைசாலி', 'பொறுப்பானவர்' என்ற சொற்களே இல்லை. படிப்பவர் தானாகவே அந்த முடிவுக்கு வருவார். தானே எடுத்த முடிவைத்தான் அவர் நம்புவார். நேர்காணலில் கேட்க ஒரு நல்ல கேள்வியும் அவருக்குக் கிடைத்துவிடுகிறது: "அந்த இரட்டைப் பணப் பிழையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" உங்கள் சகா தன் பலத்தைப் பற்றிப் பேச இதைவிட நல்ல தொடக்கம் அமையாது. இருவருக்கும் என்ன உறவு என்பது முதல் வாக்கியத்திலேயே வந்துவிட்டதையும் கவனியுங்கள். மேலாளர் சொல்வதற்கு ஓர் எடை, சக டெவலப்பர் சொல்வதற்கு வேறோர் எடை. இங்கே சொல்பவர், யாருடைய கோடில் பிழை இருந்ததோ அவரே. அதனால்தான் இது கனமாக விழுகிறது.

எந்தச் சம்பவம் என்பதை முடிவு செய்யும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்: "அடுத்து என்ன வேலைக்கு முயற்சி செய்யறீங்க?" டெஸ்ட் லீட் வேலைக்குப் போகிறார் என்றால், புதிதாகச் சேர்ந்த இருவருக்கு அவர் வேலை கற்றுக்கொடுத்த கதைதான் பொருந்தும்; பிழை கண்டுபிடித்த கதை இரண்டாம் பட்சம். ஆனால் "நானே எழுதி அனுப்பறேன், நீங்க போட்டுடுங்க" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தன்னைப் பற்றித் தானே எழுதும்போது யாருமே பொதுவான வார்த்தைகளுக்குத்தான் போவார்கள். பக்கத்தில் இருந்தவர் கவனித்த சின்ன விஷயம் அதில் இருக்காது.

பெண்களுக்கு எழுதும்போது இன்னொரு கவனம் வேண்டும். பிரான்சஸ் டிரிக்ஸ், கேரலின் சென்கா என்ற இரு ஆய்வாளர்கள், அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆசிரியப் பணிக்கு வந்த முந்நூற்றுச் சொச்சம் பரிந்துரைக் கடிதங்களை ஆராய்ந்து 2003-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெண்களுக்கான கடிதங்கள் சராசரியாகச் சிறியவை. உழைப்பைப் புகழும் சொற்களும், சந்தேகத்தைக் கிளப்பும் வாக்கியங்களும் அவற்றில் கூடுதலாக இருந்தன. எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதியிருக்க வேண்டியதில்லை. பழக்கத்தில் கை அப்படிப் போகிறது. 'கடின உழைப்பாளி' என்று எழுதத் தோன்றினால், அந்த உழைப்பில் அவர் எதைச் சாதித்தார் என்பதை எழுதிவிட்டு அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். "ஆட்டோமேஷனில் அவர் அனுபவம் எனக்குத் தெரியாது" என்பது போன்ற வரியும் வேண்டாம். நேர்மைக்காக எழுதியதாகவே இருந்தாலும், படிப்பவர் அதை மறைமுகக் குறையாகத்தான் எடுத்துக்கொள்வார். பார்க்காததைப் பற்றி எழுதாமல் இருந்தாலே போதும்.

இனி, இதில் உங்கள் பங்கு. நீங்கள் எழுதியது அவருடைய பக்கத்தோடு நிற்பதில்லை. லிங்க்ட்இன்னில் உங்கள் பக்கத்திலேயே Given என்ற தலைப்பின் கீழ், நீங்கள் பிறருக்கு எழுதியவை வரிசையாகத் தெரியும். ஐந்து பேருக்கும் "நான் பார்த்ததிலேயே சிறந்தவர்" என்று எழுதியிருந்தால், அந்த ஐந்தும் ஒன்றையொன்று அடித்துவிடும். ஒவ்வொன்றின் மேலும் தேதி இருக்கும். இருவர் ஒரே நாளில் மாறி மாறிப் புகழ்ந்துகொண்டிருந்தால் கொடுக்கல் வாங்கல் என்று யாருக்கும் புரியும். "என் வழிகாட்டுதலில் வளர்ந்தவர்" என்ற வகை வாக்கியங்கள் தற்பெருமை என்பதும் வெளியே தெரிந்துவிடும். மாறாக, ஒவ்வொருவரிடமும் வேறு வேறு பலத்தைக் கண்டு சொல்லியிருந்தால், மனிதர்களைக் கவனிக்கத் தெரிந்தவர் என்பது சொல்லாமலே விளங்கும். நாளை உங்களையே குழுத் தலைவர் பதவிக்குப் பரிசீலிப்பவர் இதைப் பார்ப்பார்.

அனுப்பும் முறை எளிது. அவருடைய பக்கத்தில் More, பிறகு Recommend. என்ன உறவு, அப்போது அவர் எந்தப் பதவி என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பத்தியை ஒட்ட வேண்டும். அவர் ஏற்றுக்கொண்ட பிறகுதான் வெளியே தெரியும். திருத்தித் தரச் சொல்லியும் கேட்கலாம். அனுப்பும் முன்பே வாட்ஸப்பில் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. வாடிக்கையாளர் நிறுவனத்தின் பெயர், வெளிவராத தயாரிப்பு, தொகைகள் எதுவும் பத்தியில் இருக்கக்கூடாது. சில நிறுவனங்களில் மேலாளர்கள் இப்படி எழுதவே அனுமதி இல்லை, அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எழுத மனம் ஒப்பாதவர் கேட்டால்? "நாம சேர்ந்து வேலை பார்த்தது குறைவு; உங்க மாட்யூல்ல இருந்தவங்க எழுதினா எடுபடும்" என்று சொல்லி, பொருத்தமான ஒருவரை நினைவுபடுத்தலாம். அதுவும் உண்மையாக இருந்தால் மட்டும். இல்லையென்றால், "என்னால விவரமா எழுத முடியாது" என்பதே போதும்.

எழுதியதை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில மாதம் கழித்து ஆளெடுப்பவர் யாராவது உங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "அந்தப் பிழை விஷயம் எழுதியிருந்தீங்களே, கொஞ்சம் விவரமாச் சொல்ல முடியுமா?" என்று கேட்கலாம்.